28 நாள் பேக்குக்கு நான்கு வாரக் கணக்கு: ரீசார்ஜ் தேதியைத் தவறவிடாமல் இருக்க ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை வழியாக மூக்கையூர் வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில், முதன்முறையாக ப்ரீபெய்ட் சிம் ஒன்றைத் தாமே பார்த்துக்கொள்ளத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதுவரை மகனோ மருமகளோ ரீசார்ஜ் செய்து கொடுத்திருப்பார்கள்; அவர்கள் வேலைக்கு வெளியூர் போன பிறகு அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்துசேர்கிறது. ரீசார்ஜ் செய்வது எளிது. எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பதுதான் கடினம். நிறுவனம் அனுப்பும் நினைவூட்டலை மட்டும் நம்பாமல், நமக்கென்று ஒரு நினைவூட்டலை அமைத்துக்கொள்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எது முடிகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்

ஒரு ப்ரீபெய்ட் எண்ணில் ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கலாம். முதலாவது, அடிப்படை பேக்கின் வேலிடிட்டி, அதாவது செல்லுபடிக் காலம். 28 நாள், 56 நாள், 84 நாள், 365 நாள் என்று சொல்லி விற்கப்படுவது இதுதான். பேசுவதும் எஸ்எம்எஸ் அனுப்புவதும் இந்தக் காலத்துக்குள்தான் நடக்கும். இரண்டாவது, அந்த பேக்கில் அடங்கிய தினசரி டேட்டா. இது நள்ளிரவில் புதுப்பிக்கப்படும், தீர்ந்துபோனால் மறுநாள் திரும்பக் கிடைக்கும். மூன்றாவது, டேட்டா போதாதபோது தனியாக வாங்கும் கூடுதல் டேட்டா பேக்.

இவற்றுள் எண்ணின் சேவையை உயிரோடு வைத்திருப்பது முதல் கணக்கு மட்டுமே. இருபது முப்பது ரூபாய்க்குக் கூடுதல் டேட்டா பேக் போட்டால் வேலிடிட்டி ஒரு நாள்கூட நீளாது. மெயின் பேலன்ஸில் பணம் சேர்க்கும் டாப்-அப்பும் பொதுவாக அப்படித்தான். அடிப்படை பேக் முடிந்த எண்ணுக்கு யாரோ அவசரத்தில் டேட்டா பேக் போட்டுவிட்டு, பணம் போன செய்தியும் வந்த பிறகு, ஏன் இன்னும் அழைப்பு போகவில்லை என்று கடைக்கு வந்து நிற்பது அடிக்கடி நடக்கும் ஒன்று. ஆகவே கடையில் ரீசார்ஜ் செய்யும்போது தொகையை மட்டும் சொல்லாமல், “அண்ணே, இது நாள் கூடுற பேக்கா, நெட் மட்டும் வர்ற பேக்கா?” என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுப்பது நல்லது.

நிறுவனத்தின் அறிவிப்பு எப்படி வருகிறது, ஏன் தவறுகிறது

வேலிடிட்டி முடிவதற்குச் சில நாள்கள் முன்பிருந்தே நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்புகின்றன. சில நேரங்களில் திரையில் தானாகத் தோன்றி மறையும் சிறு செய்தியாகவும், நாம் யாரையாவது அழைக்கும்போது இணைப்பு கிடைப்பதற்கு முன் ஒலிக்கும் பதிவுக் குரலாகவும், நிறுவனத்தின் செயலி காட்டும் அறிவிப்பாகவும் அது வரும். எத்தனை நாள் முன்பு, எத்தனை முறை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஒரே நிறுவனத்திலும் அவ்வப்போது மாறும். எனவே “மூன்று நாள் முன்னால் எப்படியும் செய்தி வந்துவிடும்” என்று கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

அறிவிப்பு வந்தும் நம் கண்ணில் படாமல் போவதற்குப் பெரிய காரணம், அதே அனுப்புநர் பெயரில் நாள்தோறும் வந்து குவியும் மற்ற செய்திகள். இன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்தது, முழுவதும் தீர்ந்தது, இந்தச் சலுகை இன்றோடு முடிகிறது என்று வருகிற வரிசையில் “உங்கள் பேக் நாளை முடிகிறது” என்பதும் ஒன்றாகக் கிடக்கும். அதிலும் “முடிகிறது” என்ற சொல் டேட்டாவுக்கும் சலுகைக்கும் வேலிடிட்டிக்கும் ஒரே மாதிரி பயன்படுவதால், பத்து முறை அதைப் படித்து ஒதுக்கியவர் பதினோராவது முறையும் ஒதுக்கிவிடுகிறார். இதற்குப் பயனரைக் குறை சொல்ல முடியாது என்பது என் கருத்து. செய்தியில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சதவீதம் இருந்தால் அது டேட்டாவைப் பற்றியது, தேதியும் பேக்கின் பெயரோ விலையோ இருந்தால் அது பெரும்பாலும் வேலிடிட்டியைப் பற்றியது.

இன்னொரு காரணம் நம் கடற்கரைக்கே உரியது. அறிவிப்பு அந்த சிம்முக்கு மட்டுமே வருகிறது. வீட்டில் உள்ள வேறொருவரின் எண்ணுக்கு வருவதில்லை. விசைப்படகில் சென்றவரின் போன் கரையின் டவர் எல்லையைத் தாண்டியதும் சிக்னலை இழந்துவிடும். அந்த நேரத்தில் அனுப்பப்பட்ட எஸ்எம்எஸ், போன் மீண்டும் டவரின் எல்லைக்குள் வரும்வரை நிறுவனத்தின் அமைப்பில் காத்திருக்கும் என்றாலும், அந்தக் காத்திருப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. மறுநாள் காலை கரை திரும்பியதும் ஒரே நேரத்தில் வந்து விழும் பல செய்திகளில் அது கலந்துவிடும்; அப்போது மீனை இறக்குவதில்தான் கவனம் இருக்குமே தவிர, போனைப் பிரித்துப் படிப்பதில் இருக்காது. இரண்டு சிம் போடும் போனில் ஒன்றை அணைத்து வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான்.

அறிவிப்பைப் போலவே வேடம் போட்டு வரும் மோசடிச் செய்திகளும் உண்டு. “இன்றிரவு உங்கள் சிம் முடக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்” என்று சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்தால், அது நிறுவனத்தின் வேலிடிட்டி அறிவிப்பு அல்ல. உண்மையான அறிவிப்பு எழுத்துகளாலான அனுப்புநர் பெயரில் வரும். ஆனாலும் சந்தேகம் எழுந்தால் செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், கீழே சொல்லும் முறையில் நீங்களே தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தேதியை நீங்களே பார்க்கும் முறை

நினைவூட்டல் அமைப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு தகவல்: அடிப்படை பேக் எந்தத் தேதியில் முடிகிறது என்பது. ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் நிறுவனத்தின் செயலியைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அது தெரியும். பட்டன் போனில் பின்வரும் எண்களைப் பயன்படுத்தலாம்.

```
BSNL     *123#
Airtel   *121#
Vi       *199#
Jio      1299
```

முதல் மூன்றையும் வழக்கமாக எண்ணைத் தட்டுவதுபோல் தட்டி, அழைப்புப் பொத்தானை அழுத்தினால், திரையில் விவரமோ, தேர்ந்தெடுக்க வேண்டிய பட்டியலோ வரும். பட்டியல் வந்தால், பேலன்ஸ் அல்லது வேலிடிட்டி என்று எழுதியிருக்கும் வரிசையின் எண்ணைப் பதிலாக அனுப்ப வேண்டும். ஜியோவில் இந்த முறை இல்லை. 1299 என்ற எண்ணுக்கு அழைத்தால் விவரம் எஸ்எம்எஸ் ஆக வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரீசார்ஜ் செய்த நாளையும் ஒரு நாளாகச் சேர்த்து எண்ணுவதா, மறுநாளிலிருந்து எண்ணுவதா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். அதை நீங்கள் தீர்க்கவே வேண்டாம். விரல் விட்டு எண்ணுவதை விட்டுவிட்டு, நிறுவனம் காட்டும் முடிவுத் தேதியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு முழுவதும் அந்தத் தேதியிலிருந்து தொடங்கட்டும்.

மாதக் கணக்கு ஏன் பொருந்தாது

புதிதாக நினைவூட்டல் அமைப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் செய்வது, ரீசார்ஜ் செய்த தேதியில் மாதம் ஒருமுறை அலாரம் வைப்பது. 28 நாள் பேக்குக்கு இது ஒவ்வொரு முறையும் தாமதமாகத்தான் ஒலிக்கும். 28 நாளை வருடத்துக்கு எண்ணிப் பார்த்தால் 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை ஒலிக்கும் அலாரமோ 12 முறைதான் ஒலிக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். தங்கச்சிமடத்தில் இருக்கும் ஒரு விசைப்படகுத் தொழிலாளி 2026 ஏப்ரல் 6, திங்கட்கிழமை அன்று 28 நாள் பேக் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வந்த செய்தி, மே 3 அன்று பேக் முடிவதாகச் சொல்கிறது. அவரோ போனில் “மாதந்தோறும் 6ஆம் தேதி” என்று அலாரம் வைத்திருக்கிறார். மே 4, 5 ஆகிய இரண்டு நாள்கள் அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு போகாது. மே 6 அன்று அலாரம் ஒலித்த பிறகு ரீசார்ஜ் செய்கிறார். அது ஜூன் 2 அன்று முடியும். அடுத்த அலாரம் ஜூன் 6 அன்று. இம்முறை இடையில் மூன்று நாள்கள் போய்விட்டன. மே மாதத்துக்கு 31 நாள்கள் இருப்பதால் இடைவெளி ஒரு நாள் கூடியது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களுக்குள்ளேயே இரண்டு முறை அவருடைய எண் செயலற்றுக் கிடந்திருக்கிறது. நிவாரணத் தொகை வங்கிக் கணக்கில் ஏறிய செய்தியை எதிர்பார்த்திருக்கும் காலத்தில் இது சிறிய இழப்பு அல்ல.

இப்போது இதே பேக்கை வாரக் கணக்கில் பாருங்கள். 28 என்பது சரியாக நான்கு வாரம். எனவே ஞாயிற்றுக்கிழமை முடியும் ஒரு பேக்கைத் தாமதமின்றித் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே வந்தால், அது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் முடியும்: மே 3, மே 31, ஜூன் 28, ஜூலை 26 என்று எல்லாமே ஞாயிறு. தேதி நகர்ந்துகொண்டே போகும், கிழமை நகராது. 56 நாள் என்பது எட்டு வாரம், 84 நாள் என்பது பன்னிரண்டு வாரம். அவற்றுக்கும் இது அப்படியே பொருந்தும். நம் கடற்கரையில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட கிழமைகளில் டோக்கன் பெற்றுக் கடலுக்குச் செல்கின்றன. ஆகவே எந்தக் கிழமை கரையில் இருப்போம் என்பது முன்கூட்டியே தெரியும். நினைவூட்டலை அந்தக் கிழமையில் வைத்துவிடலாம். மேலே சொன்னவர் வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் இருப்பவர் என்றால், ஞாயிறு முடியும் பேக்குக்கு வெள்ளி மாலை நினைவூட்டல் வைப்பது மிகச் சரியானது: முதலாவது மே 1, அடுத்தது மே 29, அதற்கடுத்தது ஜூன் 26.

இதற்கு விதிவிலக்கான பேக்குகளும் உள்ளன. 30 நாள் செல்லுபடியாகும் பேக் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அதே தேதிப் பேக் எடுத்தவர்கள் மாத அலாரத்தை நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். 30 நாள் பேக்குக்கு மாத அலாரமும் பொருந்தாது, வார அலாரமும் பொருந்தாது. “30 நாளுக்கு ஒருமுறை” என்றே அமைக்க வேண்டும். 365 நாள் பேக்குக்கு, முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பாக ஒரே ஒரு நினைவூட்டல் போதும். தொகை பெரியது என்பதால் பணம் சேர்க்க அந்த ஒரு வாரம் தேவைப்படும்.

ஸ்மார்ட்போனில் நினைவூட்டல் அமைத்தல்

போனில் உள்ள சாதாரண அலாரத்தில் கிழமையைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, பொதுவாக “நான்கு வாரத்துக்கு ஒருமுறை” என்று சொல்ல இயலாது. அதற்கு நாள்காட்டிச் செயலிதான் வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் Google Calendar செயலியைக் கொண்டு சொல்கிறேன்.

1. செயலியைத் திறந்து, கீழே வலப்பக்கம் உள்ள + குறியைத் தொட்டு, Event என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. தலைப்பாக, படித்தவுடன் செயல்படக்கூடிய வாசகத்தை எழுதுங்கள். வெறுமனே “ரீசார்ஜ்” என்று எழுதினால் யாருடைய எண், எந்த பேக் என்று மறுபடியும் தேட வேண்டியிருக்கும். “அப்பா எண் ரீசார்ஜ், 28 நாள் பேக், ஞாயிறு முடிகிறது” என்று எழுதினால் தேடல் மிச்சம்.
3. பேக் முடிவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதியையும், வீட்டில் ஓய்வாக இருக்கும் ஒரு நேரத்தையும் வையுங்கள். மாலை 7 மணி பலருக்கும் பொருந்தும்.
4. Does not repeat என்று இருக்கும் இடத்தைத் தொட்டு, Custom என்பதற்குள் சென்று, இடைவெளியை 4 என்றும் அலகை week என்றும் மாற்றுங்கள். 84 நாள் பேக்குக்கு 4 என்பதற்குப் பதில் 12.
5. Add notification என்பதில், அந்த நேரத்திலேயே ஒலிக்குமாறு ஒன்றும், ஒரு நாள் முன்பாக ஒன்றும் சேர்த்துச் சேமியுங்கள்.

இதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சில போன்கள் பேட்டரியைச் சேமிப்பதற்காகச் செயலிகளின் அறிவிப்புகளை அடக்கிவிடுகின்றன. சில போன்களில் அறிவிப்புக்கான அனுமதியே கொடுக்கப்பட்டிருக்காது. எனவே பத்து நிமிடம் கழித்து ஒலிக்குமாறு வேறொரு பொய் நிகழ்வை உருவாக்கி, போனைப் பூட்டி வைத்துவிட்டு, ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஒலிக்கவில்லையென்றால் போனின் அமைப்புகளில் அந்தச் செயலிக்கு அறிவிப்பு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், இந்த நினைவூட்டல் போனுக்குள்ளிருந்தே ஒலிப்பதால், சிக்னல் இல்லாத இடத்திலும் பேக் முடிந்த பின்னும் ஒலிக்கும். நிறுவனத்தின் எஸ்எம்எஸ்ஸுக்கு இல்லாத பலம் இது.

பட்டன் போனும் சுவர்க் காலண்டரும்

பட்டன் போன்களின் நாள்காட்டியில் நான்கு வார இடைவெளி பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட போனில், ஒவ்வொரு முறை ரீசார்ஜ் செய்தவுடன் அடுத்த ஒரு தேதிக்கு மட்டும் நினைவூட்டல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைவிட உறுதியானது, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் என்று நான் நினைக்கிறேன். தினமும் ஒரு தாளைக் கிழிக்கும் பழக்கம் உள்ள வீட்டில், கிழிப்பவர் யாராக இருந்தாலும் அன்றைய தாளில் எழுதியிருப்பதைப் படிக்காமல் இருக்க மாட்டார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முடிவுத் தேதிக்கு இரண்டு நாள் முந்தைய தாளைத் தூக்கி, பேனாவால் பெயரையும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் எழுதுங்கள். பிறகு அங்கிருந்து 28 தாள்களை எண்ணாமல், அதே கிழமையின் நான்காவது தாளைப் புரட்டி அதிலும் எழுதுங்கள். இப்படியே ஆண்டு முடியும்வரை எழுதிவிடலாம். டிசம்பர் கடைசித் தாளில் “புதுக் காலண்டரில் ரீசார்ஜ் தேதி எழுதவும்” என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் ஜனவரியில் முழு ஏற்பாடும் நின்றுபோகும். வீட்டில் மூன்று நான்கு எண்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே காலண்டரில் எழுதலாம்.

கடலுக்குப் போகிறவரின் எண்ணுக்கு, அவருடைய போனில் மட்டும் நினைவூட்டல் வைப்பது போதாது. கரையில் இருக்கும் மனைவி, மகள், அண்ணன் என்று யாராவது ஒருவருடைய போனில், அதே தேதியில், அதே வாசகத்தோடு இன்னொன்று அமைக்க வேண்டும். ரீசார்ஜ் செய்ய அந்த சிம் கையில் இருக்க வேண்டியதில்லை. எண் தெரிந்தால் போதும். அவர் கடலில் இருக்கும்போதே வீட்டில் உள்ளவர் பணம் செலுத்திவிடலாம். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்த பிறகே செலுத்துங்கள், ஏனெனில் வேறொருவர் எண்ணுக்குப் போன ரீசார்ஜைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம்.

தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் ஆட்டோபே வசதியும் உண்டு. கணக்கில் எப்போதும் பணம் இருப்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் தடைக்காலத்தில் கணக்கு காலியாக இருந்தால் அது தோற்றுப்போகும். பேக்கின் விலை, நாம் அனுமதித்த உச்ச வரம்பைத் தாண்டினாலும் தோற்றுப்போகும். ஆகவே ஆட்டோபே வைத்திருந்தாலும் நினைவூட்டலை நீக்க வேண்டாம்.

நினைவூட்டல் ஒலித்த பிறகு

இரண்டு நாள் முன்னதாக ரீசார்ஜ் செய்தால் அந்த இரண்டு நாள் வீணாகுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஜியோவில், இருக்கும் பேக் முடியும்வரை புதிய பேக் வரிசையில் காத்திருந்து, அதன் பிறகே தொடங்கும். எனவே நாள் எதுவும் வீணாவதில்லை. மற்ற நிறுவனங்களில் பேக்கைப் பொறுத்து நடைமுறை வேறுபடலாம் என்பதால், முதல்முறை ரீசார்ஜ் செய்தவுடன் வரும் செய்தியில் உள்ள புதிய முடிவுத் தேதியைப் பாருங்கள். அது பழைய முடிவுத் தேதியிலிருந்து 28 நாள் தள்ளி இருந்தால், அதாவது நான்கு வாரம் கழித்து அதே கிழமையாக இருந்தால், நாள் வீணாகவில்லை. முன்னே குறிப்பிட்ட எடுத்துக்காட்டில் மே 1 அன்று ரீசார்ஜ் செய்தவருக்குப் புதிய தேதி மே 31 என்று வர வேண்டும். மே 28 என்று வந்தால் புதிய பேக் அன்றே தொடங்கிவிட்டது என்று பொருள். அத்தகைய பேக்குக்கு நினைவூட்டலை முடிவு நாளுக்கு மிக அருகில் நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

கிழமைக் கணக்கு குலைவது இரண்டு சூழல்களில்: தாமதமாக ரீசார்ஜ் செய்யும்போதும், வேறு நாள் அளவுள்ள பேக்குக்கு மாறும்போதும். அந்த இரண்டிலும் பழைய நினைவூட்டலை நீக்கிவிட்டுப் புதிய முடிவுத் தேதியிலிருந்து மறுபடியும் அமைக்க வேண்டும். பழையதை நீக்காமல் புதியதைச் சேர்த்தால், தவறான நாளிலும் ஒன்று ஒலிக்கும். சில முறை பொய்யாக ஒலித்த நினைவூட்டலை மனம் பொருட்படுத்தாது.

தடைக்காலத்தைப் பற்றி ஒரு யோசனை. ஏப்ரல் 15க்கு முன்பு, தொழில் ஓடிக்கொண்டிருக்கும்போதே 84 நாள் பேக் ஒன்றைப் போட்டுவிடுவது பலருக்கு உதவும். ஏப்ரல் 10 அன்று தொடங்கும் 84 நாள், தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணினால் ஜூலை 2 வரை வரும். தடை நீங்கி இரண்டு வாரத்துக்கு மேல் ஆன பிறகுதான் அடுத்த செலவு. மொத்தமாகக் கொடுக்கும் தொகை அதிகம் என்பதால் எல்லோருக்கும் இது இயலாது. இயன்றவர்கள் நினைவூட்டலைப் பன்னிரண்டு வாரமாக மாற்ற மறக்க வேண்டாம்.

தேதி தவறிவிட்டால்

பேக் முடிந்தவுடன் முதலில் நிற்பது வெளியே போகும் அழைப்பும் டேட்டாவும். உள்ளே வரும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் சில நாள்கள் தொடரலாம், பிறகு அவையும் நிறுத்தப்படும். ஆபத்தானது இந்த இடைக்காலம்தான். அழைப்பு வந்துகொண்டிருப்பதால் எண் நன்றாக இருப்பதாகவே தோன்றும். உள்ளே வரும் எஸ்எம்எஸ் நின்ற பிறகு வங்கியின் ஓடிபி வராதபோதுதான் உண்மை தெரியும். வெளியே அழைக்க முயன்று, ரீசார்ஜ் செய்யச் சொல்லும் பதிவுக் குரல் கேட்டால், சிக்னலில் குறை தேடாமல் வேலிடிட்டியைப் பாருங்கள். வீட்டில் உள்ள இன்னொருவர் மூலம் அடிப்படை பேக் போட்டுவிட்டால் சேவை பொதுவாகச் சிறிது நேரத்தில் திரும்பும். திரும்பாவிட்டால் போனை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

நெடுநாள் கவனிக்காமல் விட்டால் எண்ணே பறிபோகும். டிராய் விதிகளின்படி, 90 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தாமல் இருந்த ப்ரீபெய்ட் எண்ணை அந்தக் காரணத்துக்காகத் துண்டிக்கக் கூடாது. 90 நாள் கடந்த பிறகும் மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாளுக்கு எண்ணை வைத்திருக்க வேண்டும். எண்ணைக் காப்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். அழைப்போ ஓடிபியோ இதனால் கிடைத்துவிடாது. எண் துண்டிக்கப்பட்டு, சில காலம் கழிந்தபின் அது வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அப்போது பழைய எண்ணை வங்கியிலும் ஆதாரிலும் மாற்றாமல் வைத்திருப்பவரின் ஓடிபிகள் அந்நியர் ஒருவரின் போனுக்குப் போகும்.

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றிருப்பவர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். வங்கிக்காக மட்டும் வைத்திருக்கும் இந்திய சிம் அலமாரியிலோ பணப்பையிலோ கிடக்கும்; போனில் போடாத சிம்முக்கு எந்த அறிவிப்பும் வந்துசேராது. அத்தகைய எண்ணுக்கு ஊரில் இருக்கும் ஒருவர் பொறுப்பேற்று, தம்முடைய போனில் நினைவூட்டல் வைத்து, ரீசார்ஜ் செய்த ஒவ்வொரு முறையும் புதிய முடிவுத் தேதியை வாட்ஸ்அப்பில் அவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரும் அந்தத் தேதியைத் தம் நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, தேதிக்கு முந்தைய நாள் செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்து, வரவில்லையென்றால் ஊருக்கு அழைத்துக் கேட்க வேண்டும்.